வண்டி ஆறட்டும், பொறுங்க

“சார், நாங்க வந்து சேர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணிராதீங்க. அப்படியே நிக்கட்டும்.”

செல்லூர்ப் பட்டறையில் கையில் ஒட்டிய கிரீஸை வேஸ்ட் துணியில் துடைத்தபடி மெக்கானிக் அண்ணன் போனில் சொன்னார். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அவரைக் கூட்டிப்போய்க் காட்டுவது அந்தத் தெருவில் வழக்கம். முந்நூறு ரூபாய் கொடுத்தால் வருவார். விற்பவரிடம் கமிஷன் வாங்க மாட்டார். வாங்கினால் வாயைத் திறக்க முடியாது என்பது அவர் கணக்கு. முதல் வேலையில் சேர்ந்திருந்த ஒரு பையன் அன்று அவரைக் கூப்பிட வந்திருந்தான். நானும் உடன் போனேன்.

நூறு சிசி பைக், 2018 மாடல், 31,000 கிலோமீட்டர் ஓடியதாக மீட்டர் காட்டியது. விலை 42,000. தண்ணீர் ஊற்றிக் கழுவி, சீட்டுக்குப் புது உறை மாட்டி, வாசலில் பளபளவென்று நின்றது. பையன் நேராகச் சாவியைத் தேடினான். அண்ணன் குனிந்து இன்ஜின் ஹெட்டில் புறங்கையை வைத்தார். சூடு.

“கடைக்குப் போய்ட்டு வந்தேன்” என்றார் விற்பவர்.

“பரவால்ல சார். மத்ததப் பாத்துட்டு இருப்போம், ஆறட்டும்.”

சூடான இன்ஜின் தன் நோயை மறைத்துவிடும் என்று பையனிடம் தாழ்ந்த குரலில் விளக்கினார். தேய்ந்த பிஸ்டன் குளிர்ந்திருக்கும்போது சிலிண்டருக்குள் தட்டும். சூடேறி விரிந்ததும் சத்தம் அடங்கிவிடும். முந்தின நாளே கெட்டியான புது ஆயிலை ஊற்றிவைத்தாலும் அப்படித்தான். ஆயில் தேன் நிறத்தில் இருக்கிறதே என்று மயங்கக் கூடாது.

மீட்டரை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கேபிளைக் கழற்றிவிட்டால் அது நின்றுபோகும், அவ்வளவுதான். கிக்கர் ரப்பரையும் பிரேக் பெடலையும் பார்த்தார். பெடலின் வரிகள் மழுங்கி இரும்பு மின்னியது. “முப்பதாயிரத்துக்கு இவ்வளவு தேயாது” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்பக்கம் வந்தார். எனக்குத் தெரிந்து அவர் அதிக நேரம் செலவிட்டது அங்கேதான்.

டபுள் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கத்தைப் பையனை அழுத்தச் சொல்லி, முன் சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தினார். ஹேண்டில்பாரை இரண்டு விரலால் இடமும் வலமும் மெதுவாகத் திருப்பினார். நேராக வரும் இடத்தில் ஒரு சின்னத் தடக்கு. பையனையும் திருப்பிப் பார்க்கச் சொன்னார். உள்ளே கோன் செட்டில் பால்ஸ் உட்கார்ந்து பள்ளம் விழுந்திருந்தால் ஹேண்டில் நடுவில் இப்படி மாட்டும். அடுத்து ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். லேசாக ஆடியது.

கோன் செட்டில் பள்ளம் மோசமான ரோட்டிலும் விழும், அடிபட்டாலும் விழும். எது என்று கண்டுபிடிக்க, ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து அது போய் முட்டும் இரும்புத் தடுப்பை டார்ச் அடித்துக் காட்டினார். வலது பக்கத் தடுப்பு சரியாக இருந்தது. இடது பக்கத்தில் அது நசுங்கி, மேலே புது பெயின்ட் பூசியிருந்தது. ஃபோர்க் குழாய் இரண்டில் ஒன்று மட்டும் புதுசாக மின்னியது. வண்டி எதிலோ மோதி ஹேண்டில் முழு வேகத்தில் திரும்பினால்தான் அந்தத் தடுப்பு நசுங்கும். சும்மா சாய்ந்து விழுந்த வண்டிக்கு அப்படி ஆகாது.

விற்பவர் முகம் மாறியது. “ஒருவாட்டி ஆட்டோவுல லேசா இடிச்சுது. அதெல்லாம் பாத்தாச்சு.”

“சரி சார். சேஸிஸ் தாங்கிருச்சான்னு மட்டும் பாத்துக்கிறேன்.”

பையில் இருந்து கொத்தனார் கட்டும் நூலை எடுத்தார். ஸ்டாண்டை எடுத்து வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். நூலைப் பின் டயரைச் சுற்றிவிட்டு, அதன் இரண்டு பக்கமும் ஒட்டியபடி முன்பக்கம் வரை இழுத்தார். ஒரு நுனி என் கையில், இன்னொன்று அவர் கையில். முன் டயர் சற்று ஒல்லியானது என்பதால் நூலுக்கும் அதற்கும் இடையே இரண்டு பக்கமும் சமமாகக் கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும். இடது பக்கம் சாவி தாராளமாக நுழைந்தது. வலது பக்கம் நூல் டயரைத் தொட்டது.

சேஸிஸ் கோணல் என்றுதான் நான் நினைத்தேன். அவர் பின் சக்கரத்துக்குப் போனார். செயின் இறுக்கும் அட்ஜஸ்டரில் இரண்டு பக்கமும் கோடுகள் உண்டு. வலது பக்கம் ஒரு கோடு முன்னால் இருந்தது. செயின் மாற்றிய யாரோ சரியாக வைக்காமல் விட்டிருக்கிறார்கள். பின் சக்கரமே கோணலாக நின்றால் நூலும் கோணலாகத்தான் ஓடும். விற்பவரிடம் கேட்டுவிட்டு ஸ்பேனர் போட்டுச் சரிசெய்து, மறுபடி நூல் பிடித்தோம். இப்போது இரண்டு பக்கமும் சாவி நுழைந்தது. டேங்குக்கு அடியில், ஹேண்டில் கழுத்து சேஸிஸோடு சேரும் இடத்தையும் தடவிப் பார்த்தார். பெயின்டில் சுருக்கமோ வெடிப்போ இல்லை.

“இன்ஜின் போச்சுன்னா ஐயாயிரம், ஆறாயிரத்துல போர் வேலை பாத்துரலாம் தம்பி. கழுத்து வளைஞ்ச வண்டிக்குப் பணம் செலவழிச்சாலும் கைய விட்டா ஒரு பக்கமா இழுக்கும்.”

புது ஆட்கள் பெரும்பாலும் இன்ஜின் சத்தத்தையும் மைலேஜையும் கேட்டே திருப்தி அடைகிறார்கள். காசு கொடுத்துச் சரிசெய்ய முடியாத இடத்தை முதலில் பார்க்கும் அவருடைய வரிசைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இதற்குள் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இன்ஜின் ஆறிவிட்டது. கிக்கரைக் காலால் உதைக்காமல் கையால் மெல்ல அழுத்திப் பார்த்தார். பாதியில் நன்றாக எதிர்த்து நின்றது, கம்ப்ரஷன் இருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் சைலென்சரில் லேசாக நீலப் புகை வந்து, கொஞ்ச நேரத்தில் நின்றது. ராத்திரி நின்ற வண்டி காலையில் மட்டும் இப்படிப் புகைத்தால் வால்வு சீல் வழியாக ஆயில் இறங்குகிறது என்று அர்த்தம். ஆக்ஸிலரேட்டர் முறுக்கும்போதெல்லாம் புகைத்தால் பிஸ்டன் ரிங், போர் எல்லாம் போயிற்று. முறுக்கிப் பார்த்தோம், புகை இல்லை. கோன் செட், வால்வு சீல், கூலி எல்லாம் கூட்டி மூவாயிரம் குறைக்கச் சொன்னார். விற்பவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

பையன் பணத்தை எடுக்கப் போனான். அண்ணன் ஆர்.சி.யை வாங்கினார். ஹேண்டில் கழுத்தில் குத்திய சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் எழுத்து எழுத்தாக வாசித்து ஒப்பிட்டார். எண்களில் அரம் போட்ட தடமில்லை. பெயரும் விற்பவருடையதே. பிறகு எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டார். ஒரு ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் வந்தது.

“லோன் எப்பவோ முடிஞ்சிருச்சுங்க.”

முடிந்திருக்கலாம். ஆனால் ஆர்.டி.ஓ. பதிவில் ஹெச்.பி. அப்படியேதான் இருக்கிறது. ஃபைனான்ஸ்காரரின் என்.ஓ.சி.யும் அவர்கள் கையெழுத்திட்ட 35ஆம் எண் படிவமும் கொடுத்து அதை ரத்து செய்யாமல் பையன் பெயருக்கு மாற்ற முடியாது. 29, 30 படிவங்களில் இப்போதே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் விற்பவர். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. அது விற்பவருக்கே ஆபத்து என்று அண்ணன் எடுத்துச் சொன்னார். வண்டி விபத்தில் மாட்டினால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. விற்பவருக்கு இது புதுச் செய்தி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் மட்டும் கைமாறியது. தொகை, வண்டி எண், ஹெச்.பி. ரத்தான பிறகே பாக்கிப் பணம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். வண்டி விற்பவர் வாசலிலேயே நின்றது. பெயர் மாற்றும்போது இன்சூரன்ஸையும் பதினான்கு நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்கும்படி பையனிடம் சொல்லிவிட்டு, அண்ணன் முந்நூறு ரூபாயை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். பட்டறையில் இன்னொருவர் ஸ்கூட்டருக்காகக் காத்திருந்தார். அவரிடமும் விற்பவர் நம்பரைக் கேட்டு வாங்கிப் போனைக் காதில் வைத்தார்.