முக்கால் மார்க்கும் மூணு க்ளிக்கும்

முக்கால் மார்க்கைச் சில்லறைனு நினைக்காதீங்க பாஸ். என் முதல் பேங்க் எக்ஸாமில் கட்-ஆஃபுக்கும் எனக்கும் நடுவே நின்றது அதுதான். கடைசி நிமிடத்தில், பாக்கியிருந்த கேள்விகளுக்கு எல்லாம் 'சி... சி... சி' என்று க்ளிக் பண்ணிவிட்டு ஹீரோ மாதிரி வெளியே வந்தவன் நான். ஒரு தப்புக்குக் கால் மார்க் மைனஸ். அதில் மூன்று தப்பைச் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தாலே பாஸ்!

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே அக்கா, பேங்க் வேலையில் இருக்காங்க. தட்டில் பால்கோவாவை வெச்சுட்டு, ஒரு பேப்பரில் கணக்கு எழுதி நீட்டினாங்க.

'ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் 12 கிலோமீட்டர். ஒருவர் சைக்கிளில் வருகிறார். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகம் கூட்டியிருந்தால் 20 நிமிடம் முன்னாடியே வந்திருப்பார். அவர் வேகம் என்ன?' ஆப்ஷன்கள்: 5, 6, 8, 9, 12.

நான் உடனே எக்ஸ் போட்டுச் சமன்பாடு எழுத ஆரம்பித்தேன். இருபடிச் சமன்பாடு வந்து நின்றது. அக்கா பேனாவைப் பிடுங்கிட்டாங்க. "விடையை அவனே கொடுத்திருக்கான். நீ ஏன்டா தேடுற? நடுவுல இருக்கிறதைப் போட்டுப் பாரு."

நடுவில் 8. எட்டில் வந்தால் 90 நிமிடம். பதினொன்றில் வந்தால் 65 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. வித்தியாசம் 24 நிமிடத்துக்கு மேல். நமக்கு வேண்டியது 20தான். மெதுவாக வருகிறவருக்குத்தான் 3 கிலோமீட்டர் கூட்டினால் அதிக நேரம் மிச்சமாகும். அப்படியென்றால் அவர் எட்டைவிட வேகமாகத்தான் வந்திருக்கணும். ஒரே அடியில் 5, 6, 8 மூன்றும் அவுட். அடுத்து 9: அதில் 80 நிமிடம், பன்னிரண்டில் 60. வித்தியாசம் சரியாக 20. முடிஞ்சது!

நடுவில் ஆரம்பிப்பது எதற்கு என்று புரியுதா? ஓரத்தில் ஆரம்பித்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கணும். ஆனால் 'இவற்றில் எதுவுமில்லை' என்று ஒரு ஆப்ஷன் இருந்தால் உஷார். அங்கே மற்றது எல்லாம் விழுந்துவிட்டதால் அதுதான் விடை என்று டிக் அடிக்க, நம்ம பெருக்கல் அத்தனையும் சரியாக இருக்கணும்.

"சரிக்கா, 8 போட்டுப் பார்த்ததும் டைம் முடிஞ்சிட்டா?" என்றேன். அக்கா சிரிச்சாங்க. "அப்பத்தான்டா குத்தணும்!"

கணக்கைப் பாருங்க. ஐந்து ஆப்ஷன், தப்புக்குக் கால் மார்க். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கேள்விக்குக் குத்தினால், சராசரியாக ஒன்று சரி, நாலு தப்பு. ஒரு மார்க் வரும், ஒரு மார்க் போகும். மிச்சம் பூஜ்யம். பேப்பர் போடுகிறவர்கள் விவரமானவங்கதான்! ஆனால் இரண்டே ஆப்ஷன் மிச்சம் என்றால், எட்டு கேள்விக்கு நாலு சரி, நாலு தப்பு. எட்டுக்கு மூன்று மார்க் லாபம். ஒன்றே ஒன்றை உறுதியாக நீக்கியிருந்தாலும் லாபம்தான், ஆனால் 16 கேள்விக்கு ஒரு மார்க்.

எக்ஸாமுக்கு எக்ஸாம் இது மாறும். ரயில்வேயில் நாலு ஆப்ஷன், தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு: அங்கேயும் கண்மூடிக் குத்தினால் பூஜ்யம். நீட்டில் சரிக்கு 4, தப்புக்கு 1 என்பதால் கண்மூடிக் குத்தினாலும் சராசரியில் கொஞ்சம் மேலேதான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளில் தப்புக்கு மைனஸே இல்லை.

இதெல்லாம் சராசரி. நான் சராசரியா? அதுதான் அக்காவின் அடுத்த கேள்வி. மூன்று மாக் டெஸ்ட் எழுதச் சொன்னாங்க. குத்தின கேள்வி நம்பரை மட்டும் தனித்தாளில் குறிக்கணும். கண்மூடி என்றால் வட்டம், இரண்டில் ஒன்று என்றால் நட்சத்திரம்.

வட்டம் 16, சரி 2. ஒன்றரை மார்க் நஷ்டம். நட்சத்திரம் 24, சரி 11. ஏழே முக்கால் லாபம். அடடா என்று காலரைத் தூக்குவதற்குள், தப்பான 13 நட்சத்திரங்களை அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தாங்க. பெரும்பாலானதில் நான் தேர்ந்தெடுத்தது, கேள்வியிலேயே இருந்த எண்ணைத்தான்! சைக்கிள் கணக்கில் 12ஐ எதுக்குப் போட்டிருக்கான்? தூரமும் 12, வேகம் கூட்டினால் வருவதும் 12. 'எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே' என்று குத்துகிற என்னை மாதிரி ஆளுக்காகத்தான் அது அங்கே உட்கார்ந்திருக்கு. பாதிக்குப் பாதி என்று நான் நினைத்தது பாதிக்குப் பாதியே இல்லை.

அடுத்த மாக் டெஸ்டில் வட்டமே போடவில்லை. நட்சத்திரம் மட்டும் எட்டு. அதில் ஐந்து சரி. தாளைக் காட்டினதும் அக்கா கேட்டது, "அந்த மூணு ஏன்டா தப்பு?"