மூலையில் நிற்கும் விடை

நேரியல் திட்டமிடல் கணக்கு என்றால் மாணவர்களுக்கு ஒரு நிம்மதி. கோடுகளை வரை, பகுதியை நிழலிடு, மூலைப்புள்ளிகளை எழுது, ஒவ்வொன்றையும் பிரதியிட்டு அட்டவணை போடு, பெரிய எண்ணைச் சுற்றி வட்டம் போடு. வழி தெரிந்துவிட்டால் மதிப்பெண் கைக்கு வந்த மாதிரிதான். மேல்நிலை வகுப்புகளுக்கு நெடுங்காலமாகக் கணிதம் எடுக்கிறேன். அட்டவணையை அச்சடித்ததுபோல் போடும் பிள்ளைகளிடம், "நிழலிட்ட இடத்துக்குள் எத்தனையோ புள்ளிகள் இருக்கின்றனவே, மூலைகளை மட்டும் ஏன் பார்க்கிறோம்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. புத்தகத்தில் தேற்றம் என்று போட்டிருக்கிறது, அதனால் பார்க்கிறோம் என்பார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. காரணம் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஒரு தச்சுப்பட்டறையை வைத்துக்கொள்வோம். சிறு மேசையும் நாற்காலியும் செய்கிறார்கள். மேசை ஒன்றுக்கு மரவேலை 2 மணி நேரம், பாலிஷ் 1 மணி நேரம். நாற்காலிக்கு மரவேலை 1 மணி நேரம்தான். ஆனால் கால், குறுக்குச்சட்டம், முதுகுச்சட்டம் என்று மூலை முடுக்கெல்லாம் துணி வைத்துத் தேய்க்க வேண்டியிருப்பதால் பாலிஷுக்கு 2 மணி நேரம் பிடிக்கும். வாரத்துக்கு மரவேலைக்கு 40 மணி நேரம், பாலிஷுக்கு 50 மணி நேரம் ஆள் உண்டு. மேசைக்கு லாபம் 400 ரூபாய், நாற்காலிக்கு 300 ரூபாய். மேசைகள் x, நாற்காலிகள் y என்றால் 2x + y ≤ 40, x + 2y ≤ 50. இரண்டும் பூச்சியத்துக்குக் குறையக் கூடாது. பெரிதாக்க வேண்டியது Z = 400x + 300y.

வரைபடத் தாளில் முதல் கோடு (20, 0), (0, 40) வழியாகப் போகும். இரண்டாவது (50, 0), (0, 25) வழியாகப் போகும். எந்தப் பக்கம் நிழலிடுவது என்பதற்கு ஆதிப்புள்ளியை வைத்துப் பார்ப்பது வழக்கம். இங்கே 0 ≤ 40, 0 ≤ 50 இரண்டுமே சரி. ஆகவே இரு கோடுகளுக்கும் ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம்தான் நமது பக்கம். (கோடே ஆதிப்புள்ளி வழியாகப் போனால் இந்தச் சோதனை உதவாது, கோட்டில் படாத வேறொரு புள்ளியை எடுத்துக்கொள்ள வேண்டும்.) ஒவ்வொரு நிபந்தனைக்கும் தனித்தனியாக முழுப் பக்கத்தையும் தீட்டித் தள்ளினால் தாள் கறுத்துப்போய்ப் பொதுவான பகுதி எது என்றே தெரியாது. கோட்டின் மேல் சிறு அம்புக்குறி போட்டுப் பக்கத்தைக் காட்டிவிட்டு, எல்லா அம்புகளும் ஒப்புக்கொள்ளும் இடத்தை மட்டும் கடைசியில் நிழலிடுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறேன்.

அப்படிச் செய்தால் கிடைப்பது ஒரு நாற்கரம். அதன் மூலைகள் (0, 0), (20, 0), (10, 20), (0, 25). கோடுகள் அச்சுகளை வெட்டும் இடங்களில் இன்னும் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன: (0, 40), (50, 0). விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இவற்றையும் அட்டவணைக்குள் சேர்த்துவிடுவதுதான். (0, 40)-இல் Z 12,000; (50, 0)-இல் 20,000. உண்மையான மூலைகளில் கிடைப்பதோ 0, 8,000, 10,000, 7,500. வெளியே நிற்கும் புள்ளி பெரிய எண்ணைத் தருவதால் மாணவர் கண் நேராக அதன்மேல்தான் போகிறது. 40 நாற்காலிக்குப் பாலிஷ் மட்டுமே 80 மணி நேரம் வேண்டும், இருப்பது 50. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் மூலை ஆகிவிடாது, எல்லா நிபந்தனைக்கும் உட்பட்டதுதான் மூலை. அதனால் Z-க்கு முன்னால் ஒவ்வொரு புள்ளிக்கும் மரவேலை மணி, பாலிஷ் மணி இரண்டையும் எழுதச் சொல்கிறேன். அந்த இரண்டு கட்டங்களை நிரப்பினால் 80 என்ற எண் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். பகுதியின் நடுவில் (8, 15) என்ற புள்ளியை எடுங்கள். 8 மேசை, 15 நாற்காலி. மரவேலை 31 மணி, பாலிஷ் 38 மணி. ஒன்றில் 9 மணி, மற்றதில் 12 மணி மிச்சம். ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறான். இன்னொரு மேசை செய்யலாம், லாபம் கூடும். உள்ளே இருக்கும் எந்தப் புள்ளிக்கும் இதே நிலைமைதான். எல்லாவற்றிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், ஆகவே லாபம் கூடும் திசையில் ஓர் அடியாவது எடுத்து வைக்க இடம் இருக்கும். அடி எடுத்து வைத்துக்கொண்டே போனால் ஏதோ ஒரு விளிம்பில் முட்டி நிற்போம்.

விளிம்பில் நின்றால் போதுமா? மரவேலை விளிம்பில் (15, 10) என்ற இடத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். லாபம் 9,000. மரவேலை 40 மணியும் தீர்ந்துவிட்டது. ஆனால் பாலிஷுக்கு 35 மணிதான் ஆகியிருக்கிறது. 15 மணி மிச்சம். ஒரு மேசையை விட்டுவிட்டால் 2 மணி மரவேலை கிடைக்கும், அதில் இரண்டு நாற்காலி செய்யலாம். 400 போகிறது, 600 வருகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 200 ரூபாய் கூடுதல். பாலிஷ் கணக்கில் ஒரு மணி மிச்சமாகி நான்கு மணி செலவாகும், ஆக 3 மணி கூடுதலாகத் தேவை. மிச்சம் இருக்கும் 15 மணிக்கு ஐந்து முறை மாற்றலாம். ஐந்து மேசை குறைந்து பத்து நாற்காலி கூடினால் வந்து நிற்பது (10, 20), லாபம் 10,000. மூலை.

விளிம்பும் நேர்க்கோடு, Z-உம் நேரியல் சார்பு. அதனால் ஒவ்வோர் அடிக்கும் அதே 200 ரூபாய்தான். பாதி வழியில் லாபம் குறைய ஆரம்பிக்க வழியே இல்லை. ஒரு திசையில் கூடினால் விளிம்பு முடியும்வரை கூடிக்கொண்டேதான் போகும். விளிம்பு முடிவது மூலையில். மூலையைத் தாண்டி அடுத்த விளிம்பில் தொடர்ந்தால் என்ன ஆகும்? பாலிஷ் 50 மணியும் தீர்ந்துவிட்டதால் அங்கே இரண்டு மேசையை விட்டால்தான் ஒரு நாற்காலி செய்ய முடியும். 800 போய் 300 வரும், 500 நட்டம். இந்தப் பக்கமும் போக முடியாது, அந்தப் பக்கமும் போக முடியாது. இந்தப் பகுதி எங்கும் உட்குழிவு இல்லாத குவிப்பகுதி. ஆகவே பக்கத்து விளிம்புகள் இரண்டிலும் இறக்கம் என்றால் பகுதி முழுவதிலும் அதைவிட உயரமான இடம் கிடையாது.

இதையே மூலைமட்டத்தை வைத்தும் காட்டலாம். 400x + 300y = 6000 என்ற கோட்டை வரையுங்கள்; x-அச்சில் 15, y-அச்சில் 20. அதன் மேல் நிற்கும் எல்லாப் புள்ளிகளுக்கும் லாபம் 6,000. ஸ்கேலை அணைத்து மூலைமட்டத்தை இணையாக மேலே நகர்த்திக்கொண்டே போனால் லாபம் கூடிக்கொண்டே வரும். நிழலிட்ட பகுதியை அது கடைசியாகத் தொட்டு விலகும் இடம் (10, 20). கரும்பலகையில் நான் இதைத்தான் முதலில் செய்து காட்டுவேன், அட்டவணை பிறகுதான். அட்டவணை மட்டும் தெரிந்த பிள்ளைக்கு மேசையின் லாபம் மாறினால் என்ன ஆகும் என்று சொல்ல வராது. கோட்டை நகர்த்திப் பார்த்த பிள்ளைக்கு அது தெரியும். லாபக் கோட்டின் சாய்வு 400/300. மரவேலைக் கோட்டின் சாய்வு 2, பாலிஷ் கோட்டினுடையது ½ (எல்லாமே கீழ்நோக்கிய சாய்வு). லாபச் சாய்வு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும்வரை (10, 20)தான் விடை. நாற்காலிக்கு 300 என்பது மாறாவிட்டால், மேசையின் லாபம் 150-லிருந்து 600 வரை எதுவாக இருந்தாலும் பட்டறை 10 மேசை, 20 நாற்காலியைத்தான் செய்ய வேண்டும். சரியாக 600 ஆகும்போது லாபக் கோடு மரவேலை விளிம்போடு ஒட்டிக்கொள்கிறது. (20, 0)-இலும் 12,000, (10, 20)-இலும் 12,000. அட்டவணையில் இரண்டு மூலைக்கு ஒரே பெரிய எண் வந்தால், எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று சில பிள்ளைகள் அடித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். தப்பில்லை, இடையில் உள்ள விளிம்பு முழுவதுமே விடை என்பதன் அடையாளம் அது. 600-ஐத் தாண்டினால் நாற்காலியை விட்டுவிட்டு 20 மேசை.

மூலைகளைச் சோதிப்பது ஏமாற்றும் இடமும் உண்டு. x + 2y ≥ 10, 3x + y ≥ 15 என்று குறைந்தபட்சத் தேவையைச் சொல்லும் நிபந்தனைகள் வந்தால் பகுதி மேலே முடிவின்றித் திறந்து கிடக்கும். மூலைகள் (0, 15), (4, 3), (10, 0). 2x + 3y-க்கு மதிப்புகள் 45, 17, 20. மீப்பெரு மதிப்பு 45 என்று எழுதினால் தப்பு. (20, 20) என்ற புள்ளியும் பகுதிக்குள்தான் இருக்கிறது, அங்கே மதிப்பு 100. மேலே நடக்க விளிம்பு முடியவே இல்லை, ஆகவே மீப்பெரு மதிப்பே கிடையாது. மீச்சிறு மதிப்பு 17 சரிதானா என்பதையும் பார்க்க வேண்டும். 2x + 3y < 17 என்ற பக்கத்துக்கும் நிழலிட்ட பகுதிக்கும் பொதுப்புள்ளி ஒன்றுகூட இல்லையென்றால் சரி. இங்கே இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது இன்னொரு சிக்கல். அதே பட்டறையில் ஒரு வாரம் பாலிஷுக்கு 45 மணிதான் கிடைக்கிறது. மூலை இப்போது 11⅔ மேசை, 16⅔ நாற்காலி. லாபம் 9,666 ரூபாய்க்குச் சற்று மேல். மூன்றில் இரண்டு பங்கு மேசையை யாருக்கு விற்பது? பக்கத்து முழு எண்ணாக்கி 12, 17 என்று எழுதினால் மரவேலை 41 மணி ஆகிவிடும், கூடாது. இரண்டையும் கீழே இறக்கி 11, 16 என்றால் லாபம் 9,200 மட்டுமே. 12 மேசை, 16 நாற்காலி என்றால் மரவேலை 40, பாலிஷ் 44, லாபம் 9,600. முழு எண்களில் லாபம் நூறின் மடங்காகத்தான் வரும். 9,666-ஐத் தாண்டவும் முடியாது. எனவே இதற்கு மேல் இல்லை. இந்தப் புள்ளி மூலையில் இல்லை, பாலிஷில் ஒரு மணி மிச்சம் வைத்துக்கொண்டு மரவேலை விளிம்பில் நிற்கிறது. முழு எண்தான் வேண்டும் என்று சொன்ன மாத்திரத்தில் நமது நடை செல்லாமல் போகிறது. அரை அடி, கால் அடி எடுத்து வைக்கும் உரிமை போய்விட்டதே.

இரண்டு பொருள் என்பதால் தாளில் வரைகிறோம். 20 பொருள், 20 நிபந்தனை என்றால் வரைய முடியாது. எண்கள் பூச்சியத்துக்குக் குறையக் கூடாது என்பதையும் சேர்த்து 40 எல்லைகள். அவற்றில் 20-ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 13,784 கோடிக்கு மேல். அட்டவணை போட்டு மாளாது. 1947-இல் அமெரிக்க விமானப்படைக்காக வேலை பார்த்த ஜார்ஜ் டான்ட்சிக் கண்டுபிடித்த சிம்ப்ளக்ஸ் முறை, ஒரு மூலையில் நின்று, லாபம் கூடும் விளிம்பைத் தேடி, அது முடியும்வரை நடந்து, அடுத்த மூலையில் மறுபடி பார்க்கிறது. எல்லா விளிம்பும் இறக்கம் என்றால் நின்றுவிடுகிறது. இவ்வளவு மூலைகளில் ஒவ்வொன்றாக நடப்பது வீண் என்று அவரே முதலில் அதை ஒதுக்கிவைத்திருந்தார். நடைமுறைக் கணக்குகளில் பெரும்பாலும் மிகக் குறைந்த மூலைகளைத் தொட்டே அது விடைக்கு வந்துவிடுகிறது. நமது பட்டறையில் (0, 0)-இலிருந்து கிளம்பினால் (20, 0), பிறகு (10, 20). (0, 25) பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை.