எழுபத்திரண்டை வகுத்துப் பாருங்கள்

பணம் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால், எத்தனை வருடத்தில் என்று கேட்டுக்கொண்டு 72-ஐ அந்த வருடத்தால் வகுத்துவிடுவேன். வருவது ஏறக்குறைய ஆண்டு வட்டி. வட்டி தெரிந்திருந்தால் 72-ஐ அதனால் வகுக்க, வருடம் வந்துவிடும். 1494-ல் வெனிஸில் அச்சான லூகா பாச்சோலியின் கணித நூலிலேயே இந்த வழி இருக்கிறது. எப்படி வந்தது என்ற விளக்கம் அதில் இல்லை. ஆனால் பயன்படுத்த விளக்கம் தேவைப்படுவதில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க நம் அஞ்சலகத்துக் கிசான் விகாஸ் பத்திரம்தான் சரியான இடம். போட்ட பணம் இரண்டு மடங்காகத் திரும்பும் என்பதுதான் அந்தத் திட்டமே. 2023 ஏப்ரலில் அதற்கு 7.5 சதவீத வட்டி நிர்ணயித்து, 115 மாதத்தில் இரட்டிப்பு என்று அறிவித்தார்கள். 72-ஐ 7.5-ஆல் வகுத்தால் 9.6 வருடம், அதாவது 115 மாதம். கால்குலேட்டர் இல்லாமலே அரசாங்கக் கணக்கு நம் கைக்கு வந்துவிடுகிறது. 1988-ல் இதே பத்திரம் அறிமுகமானபோது ஐந்தரை வருடத்திலேயே இரட்டிப்பானது. 72-ஐ ஐந்தரையால் வகுத்தால் 13.1 வருகிறது; உண்மையான வட்டி 13.4. சின்ன வித்தியாசம்தான், ஆனால் வட்டி ஏற ஏற அது பெரிதாகும். எட்டு சதவீதத்தை ஒட்டித்தான் 72 அச்சாகப் பொருந்தும்.

எங்கள் தெருவில் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர், ஒரு நிதி நிறுவனத்தின் நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினார். "தம்பி, நாலு வருஷத்துல ரெண்டு லட்சம் நாலு லட்சமாகுதாம். வருஷத்துக்கு இருபத்தஞ்சு பெர்சென்ட்னு போட்டிருக்கான், போடலாமா?" என்றார். நோட்டீஸில் பெரிய எழுத்தில் 25 சதவீதம், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 48 மாதத்தில் இரட்டிப்பு.

இரண்டும் ஒன்றாக நிற்காது. 72-ஐ நாலால் வகுத்தால் 18. உண்மையில் 19-ஐத் தொடும். பிறகு 25 எங்கிருந்து வந்தது? மொத்த லாபம் நூறு சதவீதம். அதை நாலு வருடத்துக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள். வட்டிக்கு வட்டி சேர்ந்துதான் அந்த நூறு வருகிறது என்பதை மறைத்துவிட்டு, சராசரியை வட்டி விகிதம்போல அச்சடித்திருக்கிறார்கள். அக்காவுக்குத் தாளில் எழுதிக் காட்டினேன். நிஜமாகவே வருடத்துக்கு 25 என்றால் இரண்டு லட்சம் முதல் வருட முடிவில் இரண்டரை லட்சம், அடுத்து 3,12,500, மூன்றாம் வருடம் 3,90,625, நாலாம் வருடம் ஐந்து லட்சத்தை நெருங்கிவிடும். அவர்கள் தருவதாகச் சொன்னதோ நாலு லட்சம்தான். கிசான் விகாஸ் பத்திரத்தையும் இப்படி விற்பவர்கள் உண்டு. 115 மாதத்தில் நூறு சதவீதம், ஆகவே ஆண்டுக்குப் பத்துக்கு மேல் என்பார்கள். அது 7.5-தான்.

சரி, 25 இல்லை, 18 என்றே வைத்துக்கொள்வோம். அஞ்சலகம் 7.5 கொடுக்கிற காலத்தில் இன்னொருவர் 18 கொடுக்க வேண்டுமானால், அதற்கும் மேலே சம்பாதிக்கிற தொழில் அவரிடம் இருக்க வேண்டும். என்ன தொழில் என்று அந்த நோட்டீஸில் ஒரு வரி இல்லை. அக்கா பணத்தைப் போடவில்லை.

இந்தக் கணக்கு எங்கே பொய்க்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வட்டி முதலோடு சேர்ந்துகொண்டே போனால்தான் 72. மாதாமாதம் வட்டியை எடுத்துச் செலவழித்தால் 72-க்குப் பதில் 100-ஐ வகுக்க வேண்டும், அதே 7.5-க்குப் பதின்மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். மாதாமாதம் கட்டுகிற ஆர்.டி.க்கும் இது பொருந்தாது. கடைசித் தவணைக்கு ஒரு மாத வட்டிதானே கிடைக்கும்?

வருமான வரியைக் கழித்துவிட்டு வகுப்பதே நியாயம். இருபது சதவீத வரி கட்டுபவருக்கு 7.5 என்பது ஆறுதான். இரட்டிப்பாகப் பன்னிரண்டு வருடம். விலைவாசியும் வருடத்துக்கு ஆறு சதவீதம் ஏறினால், அதே பன்னிரண்டு வருடத்தில் சாமான் விலையும் இரண்டு மடங்கு. அவர் கையில் இரட்டிப்பான தொகை, பணம் போட்ட அன்றைக்கு வாங்கியிருக்கக்கூடிய சாமானைத்தான் வாங்கும்.

கடனுக்கும் இதே கணக்கு. நூற்றுக்கு இரண்டு வட்டி என்று ஊரில் சொல்வது மாத வட்டி. அதைக் கட்டாமல் விட்டு முதலோடு சேர்த்தால், 72-ஐ இரண்டால் வகுக்க 36 மாதம். மூன்றே வருடத்தில் ஒரு லட்சக் கடன் இரண்டு லட்சம்.

ஆகவே யார் வந்து இரட்டிப்பு என்றாலும், அவர் எதிரிலேயே 72-ஐ வகுத்து, வந்த எண்ணை அஞ்சலக வட்டிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கூடுதலாக இருக்கிற அந்த வட்டி எந்தத் தொழிலிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.