ஒரு காதில் மட்டும் கேட்கும் ஹெட்போன்: எறிய முன் பழுது எங்கே என்று பாருங்கள்



எங்கள் பாடசாலைக் கணினி அறையில் ஆங்கிலக் கேட்டல் பயிற்சிக்காக இருபது ஹெட்போன்கள் இருக்கின்றன. வருட இறுதிப் பொருட்கணக்கெடுப்பு நெருங்கியபோது அதில் எட்டு "ஒரு பக்கம் வேலை செய்யாது" என்ற துண்டோடு தனியே ஒரு பெட்டியில் கிடந்தன. கழிவுப் பட்டியலில் எழுதிவிட்டால் திரும்பப் புதிது கிடைக்க எத்தனை மாதம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதுவரை இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று என்று பங்கு போட வேண்டும். அதனால் எழுத முன்னர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம் என்று இரண்டு ஆசிரியர்களும் தரம் 10 பிள்ளைகள் ஐந்து பேரும் இரண்டு பின்னேரம் உட்கார்ந்தோம். எங்களிடம் இருந்தது ஒரு சாதாரண மஞ்சள் மல்டிமீட்டர், ஒரு சொல்டரிங் அயன், ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர், அவ்வளவுதான்.

வீட்டில் போனுக்குப் போடும் இயர்போனுக்கும் இதே முறைதான். அதனால் செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறோம்.

முதல் வேலைக்கு எந்தச் சாமானும் தேவையில்லை. ஹெட்போனைத் திருப்பி மாட்ட வேண்டும். இடது பக்கத்தை வலது காதிலும், வலது பக்கத்தை இடது காதிலும் வைத்துக் கேளுங்கள். சத்தமில்லாத பக்கம் மற்றக் காதுக்கு மாறினால் பழுது ஹெட்போனிலோ கணினியிலோ இருக்கிறது. மாறாமல் அதே காதில் சத்தம் குறைவாகவே இருந்தால் விஷயம் வேறு.

எங்கள் எட்டில் ஒன்று அப்படித்தான். தரம் 7 பிள்ளை ஒருவர் "சேர், இடது பக்கம் கேட்குதில்ல" என்று சொல்லிக் கொடுத்த ஹெட்போன் அது. நாங்கள் போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்டது. பிள்ளையைக் கூப்பிட்டு நேராகவும் திருப்பியும் மாட்டினோம். இரண்டு முறையும் இடது காதில்தான் கேட்கவில்லை என்றார். உம்மாவிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் காட்டச் சொன்னோம். காதுக் குறும்பி இறுகி அடைத்திருந்ததை டொக்டர் எடுத்துவிட்டார். வகுப்பில் எவ்வளவு நாள் ஒரு காதால் கேட்டுக்கொண்டிருந்தாரோ! உங்கள் பிள்ளை இப்படிச் சொன்னால் ஹெட்பின், ஊசி எதையும் காதுக்குள் விடாமல் நேராக டொக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, பழுது ஹெட்போனிலா அல்லது அதைக் கொழுவும் இடத்திலா என்று பிரிக்க வேண்டும். நன்றாக வேலை செய்யும் இன்னொரு ஹெட்போனை அதே கணினியில் கொழுவுங்கள். அதிலும் ஒரு பக்கம் கேட்காவிட்டால் கணினியின் துளையையோ செட்டிங்கையோ பார்க்க வேண்டும். இரண்டாவது ஹெட்போன் எங்களுக்கு இப்படித்தான் பிழைத்தது. அந்தக் கணினியின் துளைக்குள் தூசு இறுகியிருந்ததால் பிளக் முழுதாக உள்ளே போகவில்லை. கணினியை நிறுத்திவிட்டு மரப் பற்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுத்தோம். போன்களில் இது இன்னும் அதிகம், சட்டைப் பையின் நூலும் பஞ்சும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். செட்டிங்கில் இடம் வலம் என்ற அளவுகோல் ஒரு பக்கம் தள்ளுப்பட்டிருந்தாலும் இதே குறைதான் தெரியும். அதை நடுவில் விட்டுப் பாருங்கள்.

மிச்சம் ஆறு. இனித்தான் மீட்டர் தேவைப்பட்டது.

பிளக்கின் உலோகப் பகுதியைப் பாருங்கள். இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் உலோகம் மூன்று துண்டாகப் பிரிந்திருக்கும். நுனி இடது காதுக்கு, நடுத்துண்டு வலது காதுக்கு, அடித்துண்டு இரண்டுக்கும் பொதுவான வயருக்கு. மைக் உள்ள இயர்போனில் மூன்று கறுப்பு வளையமும் நான்கு துண்டும் இருக்கும். இன்று விற்கும் பெரும்பாலான போன் இயர்போன்களில் நுனி இடது, இரண்டாவது வலது, மூன்றாவது பொது, கடைசி மைக்.

காதருகே இருக்கும் வட்டமான சின்ன ஸ்பீக்கரை டிரைவர் என்பார்கள். அதற்குள் மயிர் போன்ற செப்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அந்தச் சுருளின் தடை சாதாரண ஹெட்போன்களில் 32 ஓம் அளவில் இருக்கும், சிலவற்றில் 16 ஓம். எனவே பிளக்கிலிருந்து அளந்தால், மின் வயர் வழியாகப் போய், சுருளைச் சுற்றி, பொது வயரால் திரும்ப வேண்டும். 32க்குக் கிட்டிய இலக்கம் வந்தால் அந்த முழுப் பாதையும் அறுபடவில்லை. பாதையில் எங்கேயாவது அறுந்திருந்தால் எங்கள் மீட்டர் இடது ஓரத்தில் 1 என்று மட்டும் காட்டும். சில மீட்டர்கள் OL என்று காட்டும். பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டினால் இரண்டு வயர் எங்கோ ஒன்றோடொன்று முட்டுகிறது.

மீட்டரை 200 ஓம் நிலையில் வைத்து, முதலில் அதன் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தோம். எங்களுடையது 0.6 காட்டியது, அது மீட்டர் வயரின் சொந்தத் தடை. பிறகு ஹெட்போனைக் கணினியிலிருந்து கழற்றி, நுனிக்கும் அடிக்கும் ஒரு முறை, நடுவுக்கும் அடிக்கும் ஒரு முறை தொட்டோம். தொடும்போது ஒரு பிள்ளை ஹெட்போனைக் காதில் வைத்திருந்தால் நல்ல பக்கத்தில் "டிக்" என்று மெல்லிய சத்தம் கேட்கும். அதுவும் ஒரு சாட்சிதான்.

ஐந்தாம் இலக்க ஹெட்போனை விவரமாகச் சொல்கிறோம். இடது 33.1. வலது 1. ஆக, வலப் பாதை அறுந்திருக்கிறது. ஆனால் பிளக்கிலா, வயரிலா, டிரைவரிலா என்று இந்த இலக்கம் சொல்லாது. அதற்கு மீட்டரை நடுத்துண்டிலும் அடியிலும் பிடித்தபடி இன்னொருவர் வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக்கொண்டு வர வேண்டும். வயர் அறுவது அநேகமாக மூன்று இடங்களில்தான்: பிளக்கின் கழுத்தில், நடுவில் உள்ள சத்தப் பெட்டியில் அல்லது இரண்டாகப் பிரியும் இடத்தில், காதுக் கிண்ணத்துக்குள் நுழையும் இடத்தில். பிளக்கிலிருந்து இரண்டு சென்ரிமீற்றரில் வளைத்தபோது 1 மறைந்து 34 வந்தது, விட்டதும் திரும்ப 1. "அங்கதான் சேர்!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். வெளித்தோல் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது, உள்ளே செப்பு அறுந்திருந்தது. ஆறில் நான்கு இதே இடத்தில்தான் அறுந்திருந்தன. காரணமும் தெரிந்தது: பிள்ளைகள் கழற்றும்போது பிளக்கைப் பிடிக்காமல் வயரைப் பிடித்து இழுக்கிறார்கள்.

இன்னொன்றில் சத்தச் சக்கரத்தைத் திருப்பும்போதே இலக்கம் ஏறி இறங்கியது. சக்கரம் பாதையின் நடுவில் இருப்பதால் அப்படித்தான் வரும். அதனால் அளக்க முன் சக்கரத்தை முழுச் சத்தத்தில் வையுங்கள். இந்த ஹெட்போனில் முழுச் சத்தத்திலும் இடது பக்கம் 1, கொஞ்சம் குறைத்தால் 40, 60 என்று தடுமாறியது. சக்கரத்தின் தொடுப்பு தேய்ந்துவிட்டது. பெட்டியைத் திறந்து சக்கரத்தை நீக்கி வயரை நேராக இணைத்தோம். இனி அதன் சத்தத்தைக் கணினியில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும்.

எட்டாவது எந்த வளைப்புக்கும் அசையவில்லை. வலது பக்கம் தொடர்ந்து 1. இப்படி வந்தால்தான் கிண்ணத்தைத் திறக்க வேண்டும். பஞ்சு மெத்தையை மெதுவாகக் கழற்றினால் கீழே ஸ்குரூ இருக்கும். டிரைவரின் முதுகில் இரண்டு ஈயப் புள்ளிகள் தெரியும். மீட்டரை அந்த இரண்டிலும் நேரடியாக வைத்தோம். அங்கே 32 வந்திருந்தால் டிரைவர் நல்லது, பழுது வயரில் என்று முடிவாகியிருக்கும். அங்கேயும் 1தான். சுருளே அறுந்துவிட்டது. அதே நேரம் பிளக்கின் நடுத்துண்டிலிருந்து அந்த ஈயப் புள்ளிக்கு அளந்தபோது ஒரு ஓமுக்கும் குறைவு, ஆகவே வயரில் குறையில்லை. மயிர்க் கம்பிச் சுருளைக் கையால் ஒட்ட முடியாது. இதை மட்டும் கழிவுப் பட்டியலில் எழுதினோம், ஆனால் நல்ல இடது டிரைவரைக் கழற்றி வைத்துக்கொண்டோம். அதே வகை இன்னொன்று பழுதானால் உதவும்.

ஒரு பக்கத்தால் மட்டும் வயர் நுழையும் ஹெட்போன் உங்களிடம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மற்றப் பக்கத்துக்கான வயர் தலைப் பட்டிக்குள்ளால் போகிறது. வயர் நுழையாத பக்கம் செத்திருந்தால் பட்டியை நீட்டிச் சுருக்கும் இடத்தை அசைத்தபடி அளந்து பாருங்கள்.

இனி ஒட்டும் வேலை. அறுந்த இடத்துக்கு மேலால் ஒரு சென்ரிமீற்றர் விட்டு வெட்டி, புதிய ஜெக் போட்டோம். ஜெக்கின் மூடியை முதலில் வயரில் கோர்த்துவிட வேண்டும். ஒட்டி முடித்த பின் ஞாபகம் வந்தால் திரும்பக் கழற்றத்தான் வேண்டும். உள்ளே சிவப்பு, பச்சை, செப்பு நிறத்தில் தெரியும் மெல்லிய கம்பிகளின் மேல் நிறப் பூச்சு ஒன்று இருக்கிறது. அது மின்னைக் கடத்தாது. சூடான அயனின் நுனியில் ஈயத் துளி வைத்து அதற்குள் கம்பி நுனியைச் சற்று நேரம் பிடித்தால் பூச்சு எரிந்து ஈயம் பிடிக்கும். இதைச் செய்யாமல் ஒட்டினால் பார்க்க அழகாக இருக்கும், சத்தம் வராது. அநேகமாகச் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செப்பு பொது. ஆனாலும் நிறத்தை நம்பாமல் மீட்டரால் பார்த்தே ஒட்டினோம். மூடியைத் திருக முன் திரும்பவும் அளந்தோம். ஐந்தாம் இலக்கம் இடது 33, வலது 33.

புளூடூத், யூஎஸ்பி ஹெட்போன்களில் பிளக்கில் அளக்கும் முறை சரிவராது, நடுவில் ஒரு மின்சுற்று இருக்கிறது. திருப்பி மாட்டிப் பார்ப்பதும், வேறு போனில் போட்டுப் பார்ப்பதும், டிரைவரின் ஈயப் புள்ளியில் அளப்பதும் அவற்றுக்கும் பொருந்தும்.

எட்டில் ஏழு திரும்ப மேசைக்கு வந்துவிட்டன. நான்கு ஜெக் வாங்கியதுதான் செலவு. ஒவ்வொரு ஹெட்போனின் வயரிலும் இலக்கத்தையும் திருத்திய திகதியையும் ஒட்டியிருக்கிறோம், அடுத்த முறை பழுதானால் எங்கிருந்து தொடங்குவது என்று அதில் தெரியும். கணினி அறைக் கதவில் பிள்ளைகள் தாங்களே எழுதி ஒட்டிய வரி இது: "வயரை இழுக்காதே, பிளக்கைப் பிடி."