மதியச் சாப்பாட்டுக்குப் பின் நிற்கும் பம்ப்

ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றில் மாவுப்பால் பம்பின் டிரைவ் அடிக்கடி டிரிப் ஆனது. பம்ப் நின்றால் பால் தொட்டியில் தேங்கிப் புளிக்கும், ஜவ்வரிசியின் வெள்ளை மங்கும், விலை இறங்கும். உள்ளூர் விற்பனையாளர் புது டிரைவ் மாட்டிக் காசு வாங்கிப் போனார். அதுவும் டிரிப் ஆனது. சர்வீஸ் இன்ஜினியரான நண்பர் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன்.

டிரைவின் நினைவில் எல்லாமே ‘ஓவர் வோல்டேஜ்’. மோட்டாரைச் சட்டென நிறுத்தினாலும் இது வரும், ஆனால் அப்போது வேகம் இறங்கிக்கொண்டிருக்கும். இங்கே ஒவ்வொரு டிரிப்பிலும் வேகம் 45 ஹெர்ட்ஸில் அசையாமல் இருந்தது. “அப்ப வெளியிலிருந்து வருதுங்க” என்றார் நண்பர். 415 வோல்ட் மின்சாரத்தில் டிரைவின் உள்ளே சுமார் 585 வோல்ட் டிசி நிற்கும். 800-ஐத் தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ள அது நின்றுவிடும். அந்தத் துள்ளல் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும், மல்டிமீட்டரில் தெரியாது.

துப்புக் கொடுத்தவர் ஆபரேட்டர். “சாப்பிட்டு வந்து அரைவை மிசினப் போட்டதும் இது நின்னுருதுங்கண்ணா.”

இடைவேளையில் அரைவை மோட்டார் நிற்பதால் பவர் ஃபேக்டர் பேனல் கெப்பாசிட்டர்களையெல்லாம் கழற்றிவிடுகிறது. மோட்டார் மறுபடி ஓடியதும் முதல் கெப்பாசிட்டரைச் சேர்க்கிறது. வேறு கெப்பாசிட்டர் எதுவும் லைனில் இல்லாத அந்த நேரத்தில்தான் துள்ளல் அதிகம். நண்பர் பேனலை மேனுவலுக்கு மாற்றி, முதல் படியைக் கையால் போட்டார். பம்ப் நின்றது. பேனலைத் திறந்தால், அந்தப் படியில் மட்டும் சாதாரண கான்டாக்டர். கெப்பாசிட்டருக்கென்றே வரும் கான்டாக்டரில் ரெசிஸ்டன்ஸ் கம்பிச் சுருள்கள் இருக்கும். அவை முதலில் தொட்டு வேகத்தைத் தணித்த பிறகே முழு மின்சாரம் பாயும். பழையது எரிந்தபோது கடையில் கிடைத்ததை யாரோ மாட்டியிருக்கிறார்கள். மிச்சம் சில நூறு ரூபாய் இருக்கும். போனது ஒரு டிரைவின் விலை.

அன்று மாலை அவர் முதலாளிக்கு எழுதிய கடிதத்தை எழுதும்போதே படித்தேன். பழி யார்மேலும் இல்லை.

“ஐயா, கோளாறு டிரைவில் இல்லை, கெப்பாசிட்டர் பேனலின் முதல் படியில் உள்ளது. அங்கே கெப்பாசிட்டர் வகை கான்டாக்டராக மாற்றவும். டிரைவின் உள்வரும் லைனில் 3 சதவீத சோக் போடவும். அதுவரை முதல் படியை மட்டும் அணைத்து வைக்கவும். பேனலை முழுவதும் அணைத்தால் மின்வாரிய அபராதம் வரும். கரன்ட் இறங்கி ஏறும்போது வரும் லோ வோல்டேஜ் டிரிப்பை இந்த சோக் தடுக்காது. கழற்றிய பழைய டிரைவ் நன்றாக இருக்கிறது, ஸ்பேராக வைத்துக்கொள்ளவும். ஒரு வருடத்துக்கு மேல் சும்மா கிடந்தால் நேராக லைனில் மாட்ட வேண்டாம். உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் தாங்காது. என்னைக் கூப்பிடவும், வோல்டேஜை மெல்ல ஏற்றித் தருகிறேன்.”