மிட்டாய் போலிருந்தாலும் மருந்து மருந்துதான்

2023 மார்ச்சில் ஊட்டியில் ஒரு நகராட்சிப் பள்ளி மாணவிகள் சத்து மாத்திரையைப் போட்டி போட்டு விழுங்கினார்கள். அவர்களில் ஒரு 13 வயதுச் சிறுமி, மேல்சிகிச்சைக்குச் சென்னை கொண்டுபோகும் வழியில், சேலத்தில் இறந்துபோனாள். அது இரும்புச்சத்து மாத்திரை. அதையே பிள்ளைகள் விளையாட்டாக விழுங்கினார்கள் என்றால், கரடி பொம்மை வடிவில், பழவாசனையோடு, சர்க்கரை தூவி வரும் வைட்டமின் கம்மியை ஒரு மூன்று வயதுப் பிள்ளை ஒன்றோடு நிறுத்துமா?

"கம்மியில் இரும்பு இருக்காதே" என்பார்கள். பலவற்றில் இல்லை, உண்மைதான். ஆனால் சிலவற்றில் உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் இரும்பைத் தாண்டினாலே நச்சு அறிகுறிகள் தொடங்கலாம். 12 கிலோ பிள்ளைக்கு அது 240 மில்லிகிராம். ஒரு கம்மியில் 10 மில்லிகிராம் என்றால், 30 கம்மி உள்ள ஒரு பாட்டில் அந்த அளவைத் தாண்டிவிடும். வாந்தி, வயிற்றுவலி வந்து, சில மணி நேரத்தில் பிள்ளை தெளிந்ததுபோல் தெரியும். அதை நம்பக் கூடாது, கல்லீரல் பாதிப்பு அதன் பிறகும் வரலாம்.

இரும்பில்லாத கம்மியை ஒருமுறை கூடுதலாகத் தின்றால் பெரும்பாலும் பெரிய ஆபத்தில்லை. தினமும் திருட்டுத்தனமாகத் தின்றால் வைட்டமின் ஏ-யும் டி-யும் உடலில் சேர்ந்துகொண்டே போகும்.

ஆகவே லேபிளில் இரும்பின் அளவைப் பாருங்கள். மிட்டாய் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், பூட்டி வையுங்கள். அதிகம் தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், வண்டிக்கு 108.