உச்சவரம்பு இல்லாத தூக்கம்

தயோபென்டோனைக் கரைத்துப் பழகிய மயக்க மருத்துவர்களுக்கு அந்த வெளிர்மஞ்சள் தூளும் அதன் லேசான பூண்டு வாடையும் மறக்காது. இப்போது பெரும்பாலும் புரோபோஃபால்தான். நான் படித்த காலத்தில் அறுவை அரங்கில் நோயாளியைத் தூங்க வைத்தது இந்த மஞ்சள் தூள். ஊசி ஏறிய அரை நிமிடத்தில் நோயாளி ஒரு கொட்டாவி விடுவார். இமை மயிரைத் தொட்டால் கண் சிமிட்டாது. அடுத்து மூச்சு நின்றுவிடும். அதில் பதற ஒன்றுமில்லை, எதிர்பார்த்ததுதான். முகமூடியும் ஆக்சிஜன் பையும் நம் கையில் தயாராக இருக்கும், நோயாளிக்காக நாம் மூச்சு விடுவோம்.

தயோபென்டோன் பார்பிட்யூரேட் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்தின் முதல் தூக்க மருந்தான பார்பிட்டல் 1903இல் வெளிவந்தது, பினோபார்பிட்டோன் 1912இல். அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகம் தூக்க மாத்திரை என்று விழுங்கியது பெரும்பாலும் இவற்றைத்தான். மயக்க மருந்தாக நான் போற்றும் அதே குணம்தான் தூக்க மாத்திரையாக இதை ஆபத்தாக்கியது. அளவு கூடக்கூட விளைவும் கூடிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது. முதலில் அசதி, பிறகு தூக்கம், பிறகு அறுவைக்குத் தேவையான மயக்கம், அதற்கும் அப்பால் மூச்சும் இரத்த அழுத்தமும் கைவிடும் நிலை. ஒரே சாய்தளத்தில் இவை அடுத்தடுத்து வருகின்றன. அரங்கில் பக்கத்திலேயே நான் நிற்கிறேன். வீட்டுப் படுக்கையறையில் அப்படி நிற்க யாரும் இல்லை.

இன்று தூக்கமின்மைக்கு எழுதித் தரப்படும் சோல்பிடெம், சோபிக்ளோன் போன்ற இசட் வகை மாத்திரைகள் இப்படிச் செயல்படுவதில்லை. மூளையில் நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் இயற்கைப் பொருள் காபா. அது நரம்பணுவின் மேலுள்ள ஒரு வாயிலில் வந்து அமர்ந்தால் வாயில் திறக்கும். குளோரைடு உள்ளே போகும், அணு அடங்கும். இரு வகை மருந்துகளும் இதே வாயிலில்தான் வேலை செய்கின்றன, ஆனால் பிடிக்கும் இடம் வேறு. சோல்பிடெம் பிடிக்கும் இடத்தில் இருந்துகொண்டு அதனால் வாயிலைத் திறக்க முடியாது. காபா வந்தால் வாயில் சுலபமாகவும் அடிக்கடியும் திறக்க உதவும், அவ்வளவுதான். காபா வராவிட்டால் அதற்கு வேலையே இல்லை. பார்பிட்யூரேட் வாயிலின் வேறு பகுதியில் நுழைந்து, திறந்த வாயிலை நெடுநேரம் மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். அளவு மிகும்போது காபாவே இல்லாமலும் அதுவே வாயிலைத் திறக்கும். போதாததற்கு, நரம்பணுக்களைத் தூண்டும் குளுட்டமேட்டின் வழியையும் அடைக்கும்.

எங்கள் ஜூனியர்களுக்கு இதைச் சொல்ல நான் கையாளும் உவமை வங்காளத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. சோல்பிடெம் மின்விசிறியின் ரெகுலேட்டர் மாதிரி. கடைசி எண் வரை திருப்பினாலும் வீட்டுக்கு வரும் மின்சாரத்துக்கு மேல் விசிறி சுற்றாது. பார்பிட்யூரேட் தெருக்கம்பியில் கொக்கி மாட்டி இழுப்பது. மீட்டரும் கிடையாது, ஃபியூஸும் கிடையாது.

ஆகவே சோல்பிடெமுக்கு உடம்பின் சொந்தக் காபாவே உச்சவரம்பு. சோல்பிடெம் மட்டும் அதிகமாக உள்ளே போனவர்கள் ஆழ்ந்து தூங்குவார்கள், தள்ளாடுவார்கள், குழறுவார்கள். பெரும்பாலோருக்கு மூளைத்தண்டின் மூச்சு மையம் வேலையை விடுவதில்லை. இங்கே ‘பெரும்பாலோருக்கு’ என்ற சொல்லை நான் அழுத்தித்தான் சொல்கிறேன். மது, ஓபியாய்டு வலிநிவாரணி, கோடீன் கலந்த இருமல் சிரப் ஆகியவை மூச்சை அழுத்துவது வேறு வழிகளில். அவை சேர்ந்தால் உச்சவரம்பு என்று எதுவும் மிஞ்சாது. நுரையீரல் கெட்டவர்கள், குறட்டையோடு மூச்சுத் தடைபடுகிறவர்கள், முதியவர்கள் ஆகியோருக்கும் இந்தப் பாதுகாப்பு மெலிந்ததுதான். மாத்திரை மூச்சை நிறுத்தாவிட்டாலும், மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிர் போகலாம்.

பவானிபூரில் இரவுப் பணியில் இரண்டு கதைகளையும் அடுத்தடுத்த கட்டில்களில் பார்த்திருக்கிறேன். முதலில் லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து வந்த ஒரு தமிழ் மாமி. பத்து மணிக்கு ஒரு சோல்பிடெம் போட்டதை மறந்து பதினொன்றரைக்கு இன்னொன்று போட்டுக்கொண்டு, சமையலறைக்குப் போய் விழுந்துவிட்டார். கூப்பிட்டால் கண் திறந்தார். “மாமி, இருமலுக்கு ஏதாவது சிரப் குடிச்சீங்களா?” என்று கேட்டேன். “இல்லப்பா, காபி போட வந்தேன்” என்றார். நள்ளிரவில் ஏன் காபி என்று அவருக்கே தெரியவில்லை. பாதித் தூக்கத்தில் எழுந்து சமைப்பது, வெளியே போவது போன்ற செயல்களுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் இந்த மாத்திரைகளுக்குக் கட்டமிட்ட எச்சரிக்கை போட்டது. பெண்களின் உடலில் சோல்பிடெம் மெதுவாக வெளியேறுவதால் அவர்களுக்குத் தொடக்க அளவை 10லிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கச் சொன்னது 2013இல்.

மாமியின் மூச்சு நிமிடத்துக்குப் பதினான்கு. இடுப்பெலும்புக்கு எக்ஸ்ரே எடுத்தோம், ஒருக்களித்துப் படுக்க வைத்தோம், பார்த்துக்கொண்டிருந்தோம். புளூமாசெனில் என்ற முறிமருந்து உண்டு. சோல்பிடெம் பிடித்த இடத்திலிருந்து அதைத் தள்ளிவிடும். நான் போடவில்லை. தானாக மூச்சு விடுகிறவருக்கு அது தேவைப்படாது. நெடுநாள் இந்த வகை மாத்திரைகளில் இருப்பவருக்கு அதுவே வலிப்பை வரவழைக்கலாம். சோல்பிடெமின் அரையாயுள் இரண்டரை மணி நேரத்தை ஒட்டியது. விடியும்போது மாமி தெளிந்துவிட்டார்.

அடுத்த கட்டிலில் இருந்தவர் எழுபது கடந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா. பழைய தலைக்காயத்தால் வந்த வலிப்புக்குப் பல வருடங்களாக இரவில் பினோபார்பிட்டோன் எடுப்பவர், நாள்பட்ட பீடிக்காரர். தூக்க மாத்திரையாகப் பார்பிட்யூரேட் போய்விட்டாலும் வலிப்பு மருந்தாக இந்தியாவில் அது உயிரோடுதான் இருக்கிறது. விலை மிகக் குறைவு. எங்கள் பகுதியில், மாவட்டங்களிலிருந்து பாங்கூர் நரம்பியல் நிறுவனத்துக்கு வருகிறவர்களின் சீட்டுகளில் இன்றும் அதைப் பார்க்கலாம். குமாஸ்தா, சீட்டில் எழுதியதற்கு மேல் ஒரு மாத்திரைகூட எடுக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் வேறோர் இடத்தில் வால்புரோயேட் சேர்த்து எழுதியிருந்தார்கள். வால்புரோயேட் ஈரலில் பினோபார்பிட்டோன் சிதைவதைத் தடுக்கும். பினோபார்பிட்டோனின் அரையாயுள் ஏற்கெனவே நான்கு நாள் அளவு. வெளியேறுவது இன்னும் மந்தமானால் தினமும் அதே மாத்திரைதான், இரத்தத்தில் மட்டும் அளவு ஏறிக்கொண்டே போகும். வாரக்கணக்கில் ஏறுவதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. “டாக்டர் பாபு, பாபா ஒரு வாரமா ரொம்பத் தூங்குறார், நடந்தா தடுமாறுறார். வயசாயிடுச்சுன்னு நெனச்சோம்” என்றார் மகன், வங்காளமும் இந்தியும் கலந்து.

பக்கவாதம் என்று நினைத்துத் தலைக்கு சிடி எடுத்திருந்தார்கள். புதிதாக ஒன்றுமில்லை. சர்க்கரை சரி. வால்புரோயேட்டால் ஏறக்கூடிய அம்மோனியாவும் பெரிதாக ஏறவில்லை. மூக்குக் குழாயில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது, விரலில் மாட்டிய கருவி 97 காட்டியது. இளையவர்கள் ஏமாறும் இடம் இதுதான். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அந்த எண் மூச்சு போதுமா என்பதைச் சொல்லாது. மூச்சு மையம் தூங்கினால் முதலில் தேங்குவது கரியமிலவாயு, அதைத் தமனி இரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். அவர் மூச்சு நிமிடத்துக்கு எட்டு. கரியமிலவாயு 70ஐத் தொட்டிருந்தது, இயல்பு 40. தொண்டையில் உறிஞ்சுக் குழாய் பட்டும் இருமல் வரவில்லை. குழாய் செருகி வென்டிலேட்டரில் போட்டோம். மறுநாள் பினோபார்பிட்டோன் அளவு வந்தது: மில்லிலிட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேல். சிகிச்சைக்குரிய அளவு 15 முதல் 40 வரை. பழகிய உடம்பு என்பதால் நல்ல நுரையீரல் இருந்திருந்தால் இந்த அளவைச் சமாளித்திருக்கலாம். அவருடையது பீடி தின்ற நுரையீரல்.

இதற்கு முறிமருந்து கிடையாது, புளூமாசெனில் இந்த இடத்தைத் தொடாது. செய்யக்கூடியதைக் காட்டியவர்கள் டென்மார்க்காரர்கள். பார்பிட்யூரேட் மயக்கத்தில் வந்தவர்களை எழுப்ப அதுவரை பிக்ரோடாக்சின் போன்ற கிளர்ச்சி மருந்துகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிக்ரோடாக்சின் காபா வாயிலை அடைப்பது. நோயாளி எழுவதற்கு முன் வலிப்பு வரும். கோபன்ஹேகனில் 1949இல் நச்சு நோயாளிகளுக்கென ஒரு மையம் தொடங்கியபோது, எழுப்புகிற முயற்சியையே கைவிட்டார்கள். மூச்சுப் பாதையைத் திறந்து வைப்பது, மூச்சு கொடுப்பது, இரத்த அழுத்தத்தைத் தாங்குவது, புரட்டிப் படுக்க வைப்பது, மருந்து தானே வெளியேறும் வரை காத்திருப்பது. கிளெமெசனும் நில்சனும் 1961இல் இதை எழுதியபோது, முன்பு சுமார் ஐந்தில் ஒருவர் இறந்த நோயில் நூற்றுக்கு ஓரிருவரே இறந்தார்கள். தீவிர சிகிச்சை என்ற எங்கள் தொழிலின் பாதி இந்தக் காத்திருப்பிலிருந்து பிறந்தது என்பது என் எண்ணம்.

குமாஸ்தாவுக்கும் அதுதான். கூடவே மூக்குவழிக் குழாயில் சில மணிக்கு ஒருமுறை கரித்தூள் கொடுத்தோம். இரத்தத்திலிருந்து குடலுக்குள் கசியும் பினோபார்பிட்டோனை அது பிடித்துக்கொண்டு வெளியே போகும். சோடியம் பைகார்பனேட் ஏற்றிச் சிறுநீரைக் காரமாக்குவதும் பழைய வழக்கம்தான், ஆனால் கரித்தூளே மேல். கரித்தூளுக்கு ஒரே விதி, குடல் அசைய வேண்டும். இந்த மருந்து குடலையும் தூங்க வைக்கும். ஒவ்வொரு முறையும் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்காமல் அடுத்த வேளை கொடுக்கக் கூடாது.

இரண்டாம் நாள் மகன் கேட்டார், பாபாவின் மூளை இருக்கிறதா என்று. பார்பிட்யூரேட் மயக்கம் ஆழ்ந்தால் அனிச்சைச் செயல்கள் எல்லாம் மறையும், மூளை அலைப்பதிவுகூடத் தட்டையாகலாம், அதன் பிறகும் நோயாளி முழுதாக எழுந்து வரலாம். அதனால்தான் இந்த மருந்து உடம்பில் இருக்கும்வரை மூளைச்சாவுப் பரிசோதனையை யாரும் தொடங்குவதில்லை. இவர் அந்த ஆழத்துக்குப் போகவில்லை. கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்கியது, அதை மகனுக்கே டார்ச் அடித்துக் காட்டினேன்.

ஐந்தாம் நாள் குழாயை எடுத்தோம். “இனி அந்த மாத்திரையே வேண்டாம் டாக்டர் பாபு” என்றார் மகன். திடீரென நிறுத்தினால் அடக்கி வைத்த வலிப்பு மொத்தமாகத் திரும்பும் என்று விளக்க வேண்டியிருந்தது. சோல்பிடெம் நெடுநாள், அதிக அளவில் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், அங்கும் திடீர் நிறுத்தம் வலிப்பில் முடியலாம். நரம்பியல் மருத்துவர் வால்புரோயேட்டை நிறுத்தி, அளவு 30க்குக் கீழே இறங்கிய பின் பினோபார்பிட்டோனைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார்.

மாமி காலையில் கிளம்பும்போது அன்றிரவுக்கு மாத்திரை கேட்டார். சோல்பிடெம் எச்1 பட்டியலில் இருக்கிறது. கடைக்காரர் தனிப் பதிவேட்டில் நோயாளி பெயரும் மருத்துவர் பெயரும் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 5 மில்லிகிராம், ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதினேன். தூக்கம் வராத இரவுகளில் என்ன நினைப்பு ஓடுகிறது என்றும் கேட்டேன், தூக்கமின்மைக்கு எழுதும் எவரிடமும் நான் கேட்பது. வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் சீட்டின் அடியில் டெலிமானஸ் எண் 14416 எழுதி, மாத்திரைப் பட்டையை வீட்டில் இன்னொருவர் கையில் கொடுக்கச் சொல்வேன். மாமிக்கு ஓடிய நினைப்பு சிங்கப்பூர் போன மகளைப் பற்றி. பட்டையை மாமாவிடம் கொடுத்தேன்.